நியூட்ரல் வராத போர்டு

ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கிய பலருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை நிற்கிறது. பெட்டியைப் பிரித்து, மொபைலில் ஆப் இறக்கி, எலக்ட்ரீஷியனையும் வரவழைத்தாகிவிட்டது. அவர் பழைய சுவிட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இந்த போர்டுல நியூட்ரல் இல்ல சார், இது ஓடாது" என்கிறார். நாற்பது வருடமாக அதே சுவிட்சில் அதே லைட் எரிந்துகொண்டிருக்கிறது. இத்தனை நாள் தேவைப்படாத வயர் இப்போது மட்டும் ஏன் வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பதில் நியாயம் உண்டு.

சாதாரண சுவிட்சுக்குள் இருப்பது இரண்டு முனைகளும் அவற்றைச் சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு பித்தளைத் துண்டும்தான். ஃபேஸ் வயர் ஒரு முனைக்கு வருகிறது. மறுமுனையிலிருந்து ஒரு வயர் லைட்டுக்குப் போகிறது. லைட்டைக் கடந்த கரண்ட் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. சுவிட்ச் அந்தப் பாதையில் ஓர் இடைவெளியைத் திறந்து மூடுகிறதே தவிர, தனக்கென்று ஒரு துளி கரண்டும் எடுப்பதில்லை. அதனால் ஃபேஸ் வந்து போக இரண்டு வயர் இருந்தாலே அதற்குப் போதும். நியூட்ரலின் வேலை லைட்டோடு முடிந்துவிடுகிறது.

ஸ்மார்ட் சுவிட்ச் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு சின்ன மின்சாதனம். உள்ளே ஒரு வைஃபை சிப், சாதாரண சுவிட்ச் செய்த வேலையைச் செய்ய ஒரு ரிலே, 230 வோல்ட் ஏசியை 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட் டிசியாக மாற்றும் ஒரு குட்டி பவர் சப்ளை எல்லாம் இருக்கின்றன. தாழ்ப்பாளுக்குச் சோறு போட வேண்டியதில்லை; அந்த இடத்தில் காவலாளியை உட்கார வைத்தால், கேட் மூடியிருக்கும் ராத்திரியிலும் அவருக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும். லைட் அணைந்திருக்கும்போதும் வைஃபை சிப் விழித்திருந்தால்தான் மொபைலிலிருந்து வரும் கட்டளை அதன் காதில் விழும். ரிலே பிடித்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், இப்படிப்பட்ட ஒரு சுவிட்ச் ஏறக்குறைய 1 வாட் எடுக்கும். வருடம் முழுக்க ஓடினால் 9 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. பில்லில் தெரியாத தொகை. ஆனால் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்தக் கரண்ட் ஃபேஸில் வந்து எங்காவது திரும்பிப் போக வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் சுவிட்சின் பின்பக்கம் 'என்' என்று குறிக்கப்பட்ட முனை கேட்கும் நியூட்ரல்.

பழைய வீடுகளில் அது ஏன் போர்டுக்கு வரவில்லை? வயரை மிச்சப்படுத்தத்தான். மரப்பட்டைமேல் வயரைக் கிளிப் அடித்து ஓட்டிய காலத்தில், நியூட்ரலைச் சுவரின் உச்சியிலேயே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து லைட்டுக்கு லைட் நேராகக் கொண்டுபோய்விடுவார்கள். அதைச் சுவிட்ச் வரை கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றுவது வீண்செலவு. கீழே இறங்கியது ஃபேஸும், அது லைட்டுக்குத் திரும்பும் வயரும் மட்டுமே. இங்கே மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் சீலிங் ரோஸிலேயே நியூட்ரலை முடித்துவிடுவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பில், விளக்குச் சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரல் இருக்க வேண்டும் என்ற விதி 2011 பதிப்பில்தான் நுழைந்தது.

நம் ஊர் வீடுகளில் ஒரு நல்ல விஷயம் உண்டு. சுவிட்ச் போர்டிலேயே பிளக் பாயின்ட் வைக்கும் பழக்கம் நமக்கு. நாலு சுவிட்ச், ஃபேன் ரெகுலேட்டர், ஓரத்தில் ஒரு 5 ஆம்பியர் பிளக் என்பதுதான் தமிழ்நாட்டு ஹாலின் வழக்கமான போர்டு. பிளக்கில் சார்ஜர் செருகினால் வேலை செய்கிறது என்றால் அந்தப் பெட்டிக்குள் நியூட்ரல் வந்திருக்கிறது என்று பொருள். "பழைய வீடு, நியூட்ரல் கிடையாது" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வது பெரும்பாலும் அவசரத்தில் சொல்வது. சிக்கல் வருவது பிளக் இல்லாத போர்டுகளில்தான்: பாத்ரூம் வாசலில் இருக்கும் இரட்டைச் சுவிட்ச், பால்கனி லைட்டின் ஒற்றைச் சுவிட்ச், மாடிப்படியின் மேலும் கீழும் உள்ள டூ-வே சுவிட்ச், கட்டில் தலைமாட்டில் உள்ளது.

பிளக் இல்லாத போர்டிலும் கறுப்பு வயர் ஒன்று எட்டிப் பார்க்கும். உடனே அதை நியூட்ரல் என்று நம்பிவிடக் கூடாது. கறுப்புதான் நியூட்ரலுக்கு உரிய நிறம் என்றாலும், பழைய வேலைகளில் கையில் இருந்த நிறத்தில் லைட் வயரை ஓட்டியிருப்பார்கள். இதைப் பிரித்தறிய மல்டிமீட்டரால் முடியும். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை நம்புவதற்கில்லை. லைட்டுக்குப் போகும் வயரும், சுவிட்ச் அணைந்திருக்கும்போது, டெஸ்டரில் நியூட்ரலைப் போலவே எரியாமல் இருக்கும். மீட்டரின் ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையைச் சந்தேகப்படும் வயரிலும் வைத்து, லைட் சுவிட்சைப் போட்ட நிலையில் பார்க்க வேண்டும். அது லைட்டுக்குப் போகும் வயர் என்றால் மீட்டர் பூஜ்யம் காட்டும். மூடிய சுவிட்சின் இரு பக்கமும் ஒரே வோல்டேஜில்தானே இருக்கும். உண்மையான நியூட்ரல் என்றால் சுவிட்ச் போட்டாலும் அணைத்தாலும் 230 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும். சுவிட்சை அணைத்து மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஹோல்டரில் குண்டு பல்பு இருந்தால், அதன் வழியாகவே லைட் வயரும் ஏறக்குறைய முழு 230 காட்டிவிடும்.

இந்தச் சோதனைக்கும் ஒரு குறை உண்டு. எர்த் வயரும் ஃபேஸோடு சேர்த்து அளந்தால் 230 காட்டும். நிறம் பச்சையாக இல்லாமல் மங்கிப்போயிருந்தால், மெயின் பெட்டியில் சப்ளையை நிறுத்தி, நியூட்ரல் வயரைக் கழற்றி, முனைக்கு முனை தொடர்ச்சி பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். அது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. உயிருள்ள போர்டில் மீட்டர் வைப்பதும் அவருக்கே விடத்தக்கதுதான். வீட்டுக்காரர் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும்.

நியூட்ரல் இல்லை என்று உறுதியானதும், "அதுக்கென்ன, எர்த்துல கொடுத்துடலாம்" என்று சிலர் சொல்வார்கள். கொடுத்தால் சுவிட்ச் ஓடும்; ஆபத்தும் அங்கேதான். எர்த் வயரில் சாதாரண நாளில் கரண்ட் ஓடவே கூடாது. கிரைண்டர், ஃப்ரிட்ஜ், கீசர் ஆகியவற்றின் உலோக உடல்கள் அதே வயரில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. எங்காவது எர்த் அறுந்திருந்தால், ஸ்மார்ட் சுவிட்ச் வழியாக வரும் ஃபேஸ் மண்ணுக்குப் போக வழியில்லாமல் அந்த உடல்களில் ஏறி நிற்கும். ஈரக்கையோடு ஃப்ரிட்ஜ் கைப்பிடியைத் தொடுபவருக்கு ஷாக். எர்த் குழியைப் பல வருடமாக யாரும் கவனிக்காத பழைய வீட்டில் இது நடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் இந்தக் குறுக்குவழி விசித்திரமாக வெளிப்படும். ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று அந்தக் கருவி எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வீடுகளில் வைப்பது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் வகை. வித்தியாசம் 15ஐத் தாண்டினாலே அது எப்போது வேண்டுமானாலும் விழலாம். ஒரு ஸ்மார்ட் சுவிட்ச் எர்த்துக்கு அனுப்புவது சில மில்லி ஆம்பியர்தான். அதனால் முதல் சுவிட்ச் மாட்டியபோது எல்லாம் சரியாக ஓடும். இரண்டாவது, மூன்றாவது மாட்டியதும் காரணமே தெரியாமல் வீடு முழுக்கக் கரண்ட் போகும். பழி கடைசியாக வாங்கிய சுவிட்சின் மேல் விழும்.

பக்கத்து அறையின் வேறு சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலை இழுத்துக் கொடுப்பதும் இதற்கு அண்ணன்தம்பிதான். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி ஆர்.சி.சி.பி. இருந்தால் மேலே சொன்னபடியே டிரிப் ஆகும். இல்லாவிட்டால் ஆபத்து ஒளிந்திருக்கும். படுக்கையறை எம்.சி.பி.யை இறக்கிவிட்டு அங்கே வேலை செய்பவர் நியூட்ரல் வயரைக் கழற்றுவார். ஹாலின் ஸ்மார்ட் சுவிட்ச் வழியாக அந்த வயரின் முனைக்கு ஃபேஸ் வந்துகொண்டிருக்கும். மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில், ஹாலும் படுக்கையறையும் வெவ்வேறு ஃபேஸில் இருக்கலாம் என்பதால், அங்கே இன்னும் கவனம் வேண்டும். எடுக்கும் நியூட்ரல் அதே சர்க்யூட்டுடையதாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அப்படியானால் 'நியூட்ரல் தேவையில்லை' என்று போட்டு விற்கும் சுவிட்சுகள் எப்படி வேலை செய்கின்றன? அவை லைட்டையே தம் திரும்பும் வழியாக்கிக்கொள்கின்றன. லைட் அணைந்திருக்கும்போது, அவை தமக்குத் தேவையான சில மில்லி ஆம்பியரை லைட்டின் வழியாகவே நியூட்ரலுக்குக் கசியவிடுகின்றன. குண்டு பல்பு காலத்தில் இதில் தொந்தரவே இல்லை. 60 வாட் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை சுமார் 70 ஓம்தான். 5 மில்லி ஆம்பியர் ஓடினால் பல்பில் அரை வோல்ட்கூட நிற்காது. இழைக்குச் சூடே தெரியாது. முழு வோல்டேஜும் சுவிட்சுக்கே கிடைத்துவிடும்.

எல்.இ.டி. பல்புக்குள் நடப்பது வேறு. அதன் வாயிலிலேயே ரெக்டிஃபயரும் ஒரு கெப்பாசிட்டரும் உண்டு. கசியும் கரண்ட் அந்தக் கெப்பாசிட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. போதிய வோல்டேஜ் சேர்ந்ததும் பல்பின் டிரைவர் விழித்துக்கொண்டு ஒரு கணம் ஒளிர்ந்து, சேர்ந்ததை எல்லாம் செலவழித்துவிட்டு அணைகிறது. பிறகு மறுபடி சேர்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் சில விநாடிக்கு ஒருமுறை கண் சிமிட்டும் பல்பை வீட்டில் பார்த்தால், பேயும் இல்லை, பல்பும் கெட்டுப்போகவில்லை, இதுதான் நடக்கிறது. சில பல்புகள் சிமிட்டாமல் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும்.

லைட் எரியும்போது சுவிட்சுக்கு வேறொரு நெருக்கடி. முழுவதும் மூடிய சுவிட்சின் இரு முனைக்கும் இடையே வோல்டேஜே இருக்காது. வோல்டேஜ் இல்லாத இடத்திலிருந்து எந்தச் சிப்பும் மின்சாரம் எடுக்க முடியாது. எனவே நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு அரை அலையிலும், விநாடிக்கு 100 தடவை, இந்தச் சுவிட்சுகள் ஒரு சிறு கணம் பாதையைத் திறந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மூடுகின்றன. அந்த நேரத்தில் லைட் வழியாக ஓடும் கரண்ட் போதிய அளவு இருக்க வேண்டும். பெட்டியில் 'குறைந்தபட்ச லோடு' என்று ஒரு வாட் எண் அச்சிட்டிருப்பது இதனால்தான். அந்த எண்ணைவிடச் சிறிய பல்பை மாட்டினால் ஒரு தனி அடையாளம் தெரியும்: லைட்டைப் போட்டதும் சுவிட்ச் பட்டினி கிடந்து ஆப்பில் 'ஆஃப்லைன்' ஆகும், ரிலே டிக்கென்று விழும், லைட் அணையும், சுவிட்ச் உயிர்பெறும், மறுபடி அதே கதை.

வைஃபை சிப் செய்தி அனுப்பும் நொடியில் எடுக்கும் கரண்ட், ஜிக்பீ வகை சிப்பைவிடப் பல மடங்கு. நியூட்ரல் இல்லாத இடத்துக்கு ஜிக்பீ சுவிட்சுகளே பொருத்தம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். அதற்குத் தனியாக ஒரு ஹப் வாங்க வேண்டும் என்பது உண்மை. ஜிக்பீ சாதனங்கள் பொதுவாக ஒன்றின் செய்தியை இன்னொன்று கடத்திவிடும். நியூட்ரல் இல்லாதவை பெரும்பாலும் அதைச் செய்வதில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இவற்றோடு பெட்டியில் ஒரு சின்ன பொருளும் வரும். பைபாஸ் என்றோ கெப்பாசிட்டர் என்றோ பெயர் இருக்கும். அதைப் பலர் சுவிட்ச் பக்கத்தில் மாட்டிவிட்டு, பலன் இல்லை என்கிறார்கள். மாட்ட வேண்டியது லைட்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே, ஹோல்டரிலோ சீலிங் ரோஸிலோ. கசியும் கரண்ட் பல்புக்குள் நுழையாமல் இந்த வழியே நியூட்ரலுக்குப் போய்விடும், சிமிட்டல் நிற்கும். தொலைந்துவிட்டது என்று ரேடியோ கடையில் ஏதோ ஒரு கெப்பாசிட்டரை வாங்கி மாட்டுவது கூடாது. இரவும் பகலும் மெயின்ஸில் நேராக நிற்கக்கூடிய எக்ஸ்2 வகை கெப்பாசிட்டர் அதற்கென்றே இருக்கிறது. மற்றவை சூடேறி வெடிக்கலாம்.

இதையெல்லாம் ஒரு வீட்டில் பொருத்திப் பார்க்கலாம். எண்பதுகளில் கட்டிய சென்னை அபார்ட்மென்ட் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஹால் போர்டில் பிளக் இருக்கிறது. எம்.சி.பி.யை இறக்கினால் அந்தப் பிளக்கும் லைட்டுகளும் சேர்ந்தே அணைகின்றன. எனவே இரண்டும் ஒரே சர்க்யூட்தான். அங்கே பிளக்கின் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயர் எடுத்து, பழைய சுவிட்சுகளுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவு ரிலே மாட்யூலை வைத்தால் வேலை முடிந்தது. சுவிட்சுகளின் தோற்றம் மாறாது, கையாலும் போடலாம். பெட்டியில் ஆழம் போதுமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பால்கனி லைட்டுக்கு ஒற்றைச் சுவிட்ச், உள்ளே இரண்டே வயர். மேலே 9 வாட் எல்.இ.டி. நியூட்ரல் இல்லாத சுவிட்சும் பைபாஸும் இங்கே ஓடும்தான். ஆனால் அந்தச் சுவிட்ச் இருப்பது ஹால் போர்டின் சுவருக்கு மறுபக்கத்தில். ஹால் போர்டிலிருந்து மூன்று நான்கு மீட்டர் கறுப்பு வயர் ஒன்றைப் பைப்பில் இழுத்துவிட்டால், சாதாரண ஸ்மார்ட் சுவிட்சே போதும். வயர்மேன் அரை நாள் கூலி வாங்குவார். பிறகு அந்த இடத்தில் எந்தத் தொந்தரவும் வராது. பைப் வழி இருக்கும்வரை வயர் இழுப்பதே என் முதல் தேர்வு. இழுக்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. பழைய ரப்பர் உறை வயர் அசைத்தாலே உதிர்ந்துவிடும். அப்படியானால் ஒன்றை இழுக்காமல் அந்தப் பைப்பின் எல்லா வயரையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய வயர் அலுமினியமாக இருந்தால், புதிய காப்பரை அதோடு வெறுமனே முறுக்கிவிடக் கூடாது. நாளடைவில் இணைப்பு தளர்ந்து சூடேறும்.

படுக்கையறை டூ-வே லைட்டுக்கு வயர் இழுக்க வழியில்லை; பைப் சிமெண்டில் அடைத்திருக்கிறது. அங்கே கீழே நியூட்ரல் இல்லாவிட்டாலும் மேலே சீலிங் ரோஸில் உண்டு. மாட்யூலை அங்கேயே ஏற்றிவிடலாம். ஆனால் மேலே ஃபேஸ் எப்போதும் இருக்க வேண்டுமானால், கீழே இரண்டு சுவிட்சுகளையும் கழற்றி, ஒரு பெட்டியில் வந்த ஃபேஸை இரு சுவிட்சுகளுக்கும் இடையே ஓடும் ஒரு வயரோடும், மறு பெட்டியில் அதே வயரை லைட்டுக்குப் போகும் வயரோடும் நிரந்தரமாக இணைத்துவிட வேண்டும். பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பட்டனை ஒட்டலாம். ஸ்மார்ட் பல்பு வாங்கி மாட்டினாலும் இதே விதிதான். சுவிட்சை அப்படியே விட்டு வைத்தால், அம்மா படுக்கப் போகும்போது பழக்கப்படி அதை அணைப்பார். பல்பு செத்த பல்பாகிவிடும், மொபைலில் எத்தனை தடவை தட்டினாலும் எரியாது. அவரிடம் "சுவிட்சைத் தொடாதீங்க" என்று சீட்டு ஒட்டி வைப்பதைவிட அந்தச் சுவிட்சை எடுத்துவிடுவது சுலபம்.

ஃபேனுக்கு மட்டும் இந்த வழிகள் ஒத்துவராது. நியூட்ரல் இல்லாத சுவிட்சுகள் பெரும்பாலும் லைட்டுக்கென்றே செய்யப்பட்டவை; அவற்றை ஃபேன் மோட்டாரில் மாட்டினால் மோட்டார் முனகும், ரெகுலேட்டரோடு சேர்ந்தால் வேகம் தடுமாறும். ஸ்மார்ட் ஃபேன் கன்ட்ரோலுக்கு நியூட்ரல் உள்ள மாட்யூலே வேண்டும். ஃபேனை எப்படியும் மாற்றப்போகிறவர்களுக்கு, ரிமோட்டோ வைஃபையோ உள்ளேயே இருக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் நல்ல வழி. அதற்கு நியூட்ரல் மேலேயே இருக்கிறது. கீழே ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சாதாரண சுவிட்ச் ஒன்றை எப்போதும் போட்ட நிலையில் வைத்தால் போதும்.